நாவின் நுனியில் நின்றுவிடும் பெயர்

நாம் மிகவும் மதிக்கும் ஒருவரின் பெயரை எத்தனை முறை வாய்விட்டுச் சொல்லியிருப்போம்? பள்ளியில் படித்த காலம் முழுவதும் அவர் நமக்கு 'டீச்சர்'. தெருவுக்கே வைத்தியம் பார்த்தவர் 'டாக்டரம்மா'. நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தந்தவர் 'ஐயா', கடைக்காரர் 'அண்ணாச்சி', எதிர்வீட்டுப் பெரியவர் 'மாமா'. முப்பது ஆண்டுகள் பழகியும் அவர் எதிரில் அவர் பெயரை ஒருமுறைகூட உச்சரிக்காமலே இருந்திருப்போம். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது நம் வழக்கம் இல்லையே.

ஒருநாள் அந்தப் பெரியவருக்குப் பாராட்டு விழா நடக்கிறது. வாழ்த்திப் பேச நம்மை அழைக்கிறார்கள். பொன்னாடை தயாராக இருக்கிறது, நினைவுப் பரிசு மேசையில் இருக்கிறது, அவரும் நம்மைப் பார்த்துச் சிரித்தபடி அமர்ந்திருக்கிறார். "இத்தனை பெருமைக்கும் உரிய நம்முடைய..." என்று தொடங்கி, பெயர் வரவேண்டிய இடத்தில் பெயர் வராமல் நிற்கிறோம்.

அரங்கம் இதை மறதி என்று எடுத்துக்கொள்வதைவிட மதிப்புக் குறைவு என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்புதான் அதிகம். பேசியவரும் வீட்டுக்குப் போய் அப்படியே நினைத்து வருந்துவார். ஆனால் மனம் பெயர்களை எப்படி வைத்திருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. மேடையில் அந்தச் சில விநாடிகளில் என்ன செய்தால் பெயர் திரும்பி வரும், என்ன செய்தால் இன்னும் தள்ளிப் போகும் என்பதற்கும் அந்த ஆய்வுகளிலேயே விடை இருக்கிறது.

முதலில், ஒரு பெயர் வராதபோது உண்மையில் என்ன காணாமல் போகிறது? 1985இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ யங், டென்னிஸ் ஹே, ஆண்ட்ரூ எல்லிஸ் ஆகிய மூன்று உளவியலாளர்கள் ஓர் எளிய வேலை செய்தார்கள். 22 பேரிடம் நாட்குறிப்பு கொடுத்து, அன்றாடம் ஆட்களை அடையாளம் காண்பதில் நேரும் தடுமாற்றங்களை எழுதிவரச் சொன்னார்கள். ஏறத்தாழ ஆயிரம் நிகழ்வுகள் சேர்ந்தன. 'இவர் யார், என்ன வேலை பார்க்கிறார், எங்கே சந்தித்தேன் என்பதெல்லாம் தெரியும், பெயர் மட்டும் வரவில்லை' என்ற வகை அவற்றில் நிறைய இருந்தது. பெயர் மட்டும் வந்து, ஆள் யார் என்று தெரியாமல் போன நிகழ்வு ஒன்றுகூட இல்லை. முகத்தைப் பார்த்ததும் முதலில் எழுவது அந்த ஆளைப் பற்றிய அறிவு. அதைக் கடந்துதான் பெயருக்குப் போக முடியும். பெயர் கடைசி வாசல்.

அந்தக் கடைசி வாசலுக்கு ஏன் இவ்வளவு சிக்கல்? 1987இல் வெளிவந்த இன்னொரு பிரிட்டிஷ் சோதனை இதைத் தெளிவாக்கியது. ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது ரொட்டி சுடுபவரையும் குறிக்கும், குடும்பப் பெயராகவும் இருக்கும். முன்பின் தெரியாத முகங்களைக் காட்டி, அவர்களின் தொழிலையும் பெயரையும் கற்கச் சொன்னார்கள். ஒரே சொல்லையே சிலருக்குத் தொழிலாகவும் சிலருக்குப் பெயராகவும் கொடுத்தார்கள். தொழிலாகக் கற்றபோது எளிதில் நினைவுக்கு வந்த அதே சொல், பெயராகக் கற்றபோது வரத் திணறியது. ரொட்டி சுடுபவர் என்றால் அடுப்பு, மாவு, விடியற்கால வேலை என்று பல நினைவுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். பேக்கர் என்ற பெயருக்கோ அந்த ஆளைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. மாற்றுச் சொல்லும் கிடையாது. 'மருத்துவர்' என்ற சொல் வராவிட்டால் 'வைத்தியர்' என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஒருவரின் பெயருக்குப் பதிலாக இன்னொரு பெயரைச் சொல்ல முடியாது.

அமெரிக்க உளவியலாளர் டெபோரா பர்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஒரு சொல்லின் பொருள் ஓரிடத்தில் இருக்கிறது, அதன் ஒலிகள் வேறோர் இடத்தில் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் வழி, பயன்படுத்தப் பயன்படுத்த உறுதியாகும். பயன்படுத்தாமல் விட்டால் மெலியும், வயது ஏற ஏறவும் மெலியும். பொருள் முழுதாக விழித்தெழும், ஆனால் அந்த விழிப்பு ஒலிகளை எட்டும் அளவுக்குப் பாய்வதில்லை. 'நாவின் நுனியில் இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது' என்று நாம் சொல்லும் நிலை அதுதான். இந்த விளக்கத்தை நம் ஊர் வழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால், பேசியவர்மீது சுமத்தப்படும் பழி தலைகீழாகிறது. நூறு முறை 'டீச்சர்' என்று அழைத்த வாய்க்கு 'டீச்சர்' என்ற வழி அகலமாகிவிடுகிறது, பெயருக்குப் போகும் வழி புல் முளைத்துக் கிடக்கிறது. மரியாதை காரணமாகவே பெயர் சொல்லாமல் இருந்தவருக்குத்தான் மேடையில் பெயர் வருவது கடினம்.

நாவின் நுனி நிலையில் சொல் முழுதாக மறைவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1966இல் ஹார்வர்டில் ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் மாணவர்களுக்கு அரிதான சொற்களின் விளக்கத்தைப் படித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். சொல் நுனியில் நிற்கிறது என்றவர்களிடம் அதன் முதல் எழுத்தை ஊகிக்கச் சொன்னபோது பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் சரியாகச் சொன்னார்கள். எத்தனை அசைகள் என்பதையும் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். ஆக, சொல்லின் நீளமும் தாளமும் ஓரிரு ஒலிகளும் கைக்கு எட்டிவிடுகின்றன, நடுவில் சில எழுத்துகள் மட்டும் வருவதில்லை. மேடையில் மீள்வதற்கு இந்தத் துண்டுகளே துணை. ஆபத்தும் இவற்றிலிருந்தே வருகிறது.

ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொண்டு விநாடி விநாடியாகப் பார்ப்போம். ஒரு சிற்றூரில் ஓய்வுபெறும் தலைமையாசிரியைக்குப் பாராட்டு விழா. பெயர் தையல்நாயகி என்று வைத்துக்கொள்வோம். வாழ்த்த வந்திருப்பவர் பழைய மாணவர், இன்று ஓர் அலுவலகத்தில் உயர் பொறுப்பில் இருப்பவர். 'நம் அன்புக்குரிய தலைமையாசிரியை' வரை வந்துவிட்டார். அடுத்து பெயர். ஏதோ 'நாயகி' என்று முடியும் என்று மனம் சொல்கிறது. நீளமான பெயர் என்பதும் தெரிகிறது. முதல் பகுதி வரவில்லை. அந்த இடைவெளியில் 'லோகநாயகி' என்று ஒன்று வந்து நிற்கிறது. அது தவறு என்று அவருக்கே தெரியும். தள்ளிவிடுகிறார், மறுபடியும் அதுவே வருகிறது.

இப்படி அழையாமல் வந்து வழிமறிக்கும் சொல்லை ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் சிண்ட்ரெல்லா கதையின் அழகற்ற சகோதரிகளோடு ஒப்பிட்டார். உரியவளை உள்ளே விடாமல் தாங்களே முன்வந்து நிற்பவர்கள் அவர்கள். வழிமறிக்கும் சொல்லுக்கும் தேடும் சொல்லுக்கும் ஒலியிலோ வகையிலோ ஒற்றுமை இருக்கும், வழிமறிப்பது பெரும்பாலும் அதிகம் புழங்கும் சொல்லாகவும் இருக்கும். ஒவ்வொரு முறை நாம் அதை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கும்போதும் அதற்குப் புதுப் பலம் சேர்கிறது. 'லோக... லோக...' என்று தேடிக்கொண்டிருக்கும் வரை 'தை' வராது.

எனவே நம் மாணவர் செய்யவேண்டிய முதல் காரியம், தேடுவதை நிறுத்துவது. மேடையில் மௌனமாக நின்று மேலே பார்த்தபடி பெயரைத் தோண்டுவதுதான் பெரும்பாலோர் செய்வது, அதுவே மிகக் குறைந்த பலன் தருவதும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏமி பெத் வாரினரும் காரின் ஹம்ஃப்ரீஸும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நேராகப் பொருந்துகிறது. சொல் நுனியில் நிற்கும்போது சிலரை 10 விநாடியும் சிலரை 30 விநாடியும் அதே திணறலில் இருக்கவிட்டு, பிறகு விடையைச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து மீண்டும் கேட்டபோது, 30 விநாடி திணறியவர்களே அதே சொல்லில் மறுபடி அதிகம் மாட்டிக்கொண்டார்கள். திணறலையே மனம் பழகிக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

நிறுத்திவிட்டு எதைப் பேசுவது? பெயரைத் தவிர எல்லாமே அவரிடம் இருக்கிறது. ஆளைப் பற்றிய அறிவு ஒரு துளியும் போகவில்லை, கடைசி வாசல்தான் அடைத்திருக்கிறது. ஆகவே அவர் அப்படியே தொடரலாம்: "ஏழாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுத்தவர். தவறாகப் போட்ட கணக்கை அடித்துவிடாமல், எந்த வரியில் வழி தவறினோம் என்று எங்களையே கண்டுபிடிக்க வைத்தவர்." இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அவர் சொல்லத்தான் வந்தார், சற்று முன்னதாகச் சொல்கிறார். கேட்பவர்களுக்கு இது பெயருக்கு முன் வரும் அடைமொழியாகவே தோன்றும். நம் மேடைத் தமிழில் பெயர் கடைசியில் வருவது இயல்பு. அடைமொழிகளை வரிசையாகச் சொல்லி முடிவில் பெயரை வைப்பதற்கு இடம் கொடுக்கும் வாக்கிய அமைப்பு நம்முடையது. பேச்சாளருக்கு இதனால் பத்து, பதினைந்து விநாடி கிடைக்கிறது.

ஆனால் இந்த அடைமொழிகள் பெயரைக் கொண்டுவந்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. பொருள் பக்கம் ஏற்கெனவே முழுதாக விழித்திருக்கிறது. அங்கே இன்னும் விளக்கு ஏற்றிப் பயனில்லை. குறை இருப்பது ஒலிப் பக்கம். லோரி ஜேம்ஸும் டெபோரா பர்க்கும் 2000இல் செய்த சோதனை இதை நிறுவியது. சொல் வராமல் நின்றவர்களுக்கு வேறு சொற்களின் பட்டியலை வாசிக்கக் கொடுத்தார்கள். தேடும் சொல்லோடு பொருள் தொடர்பு எதுவும் இல்லாத, ஆனால் ஒலிகளில் சிலவற்றைப் பகிர்ந்துகொள்ளும் சொற்கள் பட்டியலில் கலந்திருந்தபோது, தேடிய சொல் கூடுதலாக வந்தது. அடுத்து வந்த ஆய்வுகள் இன்னும் நுணுகிப் பார்த்து, உதவி செய்வது முதல் அசைதான் என்று காட்டின. முதல் ஒலி மட்டும் போதவில்லை, முழு அசை வேண்டியிருந்தது.

மேடையில் அருகே அமர்ந்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பேச்சாளர் தடுமாறுவதைக் கண்டதும் நாம் "அவங்கதாங்க, ஹெட்மிஸ்ட்ரஸ்" என்று கிசுகிசுப்போம். அது அவருக்குத் தெரியாததா? "தை... தையல்" என்று சொன்னால் போதும், மீதி தானே வந்து விழும். பெயரின் முதல் ஓரிரு அசையை, அவர் காதில் விழும்படி, ஒரே முறை சொல்லுங்கள்.

பக்கத்தில் அப்படி யாரும் இல்லை என்றால் கண்ணுக்கு எட்டிய இடத்தில் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம். நம் விழாக்களில் பின்னால் பதாகை தொங்கும், மேசையில் அழைப்பிதழ் கிடக்கும், நினைவுப் பரிசில் பெயர் பொறித்திருக்கும். விழா நாயகரை நோக்கித் திரும்புவதுபோல் திரும்பினாலே பதாகை கண்ணில் படும். அதுவும் இல்லையென்றால் ஒப்புக்கொள்வதே மேல். "அம்மா, இத்தனை காலம் உங்களை டீச்சர் என்றே அழைத்துப் பழகிவிட்டேன், பெயர் இந்த நொடி நாவில் வரவில்லை, மன்னியுங்கள்" என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவையைப் பார்த்தால் பழைய மாணவர்கள் கூட்டமாகப் பெயரைச் சொல்வார்கள். அதைக் கேட்டு அவர் தம் வாயால் முழுப் பெயரையும் 'அவர்கள்' சேர்த்து ஒருமுறை நிறுத்திச் சொல்லவேண்டும். இப்படிச் சொல்லும்போது அது உண்மையாக இருக்கவேண்டும். முன்பே திட்டமிட்டு அவையைக் கேட்டதுபோல் நடிப்பதை நான் ஏற்கமாட்டேன். கௌரவிக்கப்படுபவருக்கு அந்த நடிப்பு உடனே தெரிந்துவிடும். செய்யவே கூடாதது ஒன்று உண்டு: "கொஞ்சம் வாயில் நுழையாத பெயர்" என்று பழியைப் பெயர்மேல் போடுவது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவருடைய விழாவிலேயே குறை சொல்வதாகிவிடும் அது.

அச்சத்தின் பங்கையும் சொல்லவேண்டும். 2000இல் சூரிச்சில் டொமினிக் டி குவர்வேனும் சகாக்களும் நடத்திய சோதனையில், முந்தைய நாள் கற்ற சொற்களை நினைவுகூர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு கார்டிசோன் மாத்திரை உட்கொண்டவர்கள் குறைவான சொற்களையே நினைவுகூர்ந்தார்கள். உடலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் அளவை உயர்த்துவது அந்த மாத்திரை. மேடை அச்சத்திலும் இதே ஹார்மோன் உயர்கிறது, ஆனால் உடனே அல்ல. அது உச்சத்தை எட்ட ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். எழுந்து நின்ற நொடியில் வரும் படபடப்பு வேறு. மேடையில் நெடுநேரம் அமர்ந்து தம் முறைக்காகக் கலங்கிக் காத்திருப்பவருக்குத்தான் இந்தத் தடை முழு அளவில் வந்திருக்கும். ஐந்தாவதாகப் பேசப் போகிறவர் முதலாமவரைவிடக் கவனமாகப் பெயரை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஆறுதலான செய்தியும் உண்டு. நம் பதற்றம் பார்ப்பவர்களுக்கு நாம் நினைக்கும் அளவுக்குத் தெரிவதில்லை. கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையைப் பேசுவதற்கு முன்பே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். ஆகவே சற்று நேரம் நின்றுவிட்டோமே என்று பதற வேண்டாம். இருவர் உரையாடும்போது ஒரு விநாடி மௌனமே நீளமாகத் தோன்றும். மேடையில் பேசுபவருக்கு அதைவிட அதிக இடம் உண்டு, ஏனென்றால் அந்த இடைவெளியை நிரப்ப வேறு யாரும் முந்தப் போவதில்லை.

பெயரைத் தவறாகச் சொல்லிவிடுவது வேறு வகைச் சிக்கல். மறந்தவருக்குத் தாம் மறந்தது தெரியும். தவறாகச் சொன்னவருக்கு அது பெரும்பாலும் தெரியாது, அல்லது வாயிலிருந்து போன பிறகுதான் தெரியும்.

உலகமே பார்த்த நிகழ்வு ஒன்று. 2014 மார்ச் 2ஆம் நாள் ஆஸ்கர் விழாவில், 'ஃப்ரோஸன்' படப் பாடலைப் பாடவந்த பாடகி இடினா மென்ஸெலை நடிகர் ஜான் டிரவோல்டா அறிமுகப்படுத்தினார். மிகுந்த புகழ்மொழிகளோடு தொடங்கி, பெயர் வந்த இடத்தில் 'அடேல் டஸீம்' என்றார். அவர் திருத்திக்கொள்ளவில்லை. பாடகி வந்து பாடினார். என்ன நடந்தது என்பதை டிரவோல்டாவே பின்னர் தொலைக்காட்சியில் விளக்கினார். ஒத்திகையில் பெயர் வழக்கமான எழுத்துக்கூட்டலில் இருந்தது. விழாவில் மேடை ஏறும் தறுவாயில்தான் அதை ஒலிப்புப்படி மாற்றி எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். பழகிய எழுத்து உருவம் கண்முன் இல்லை, புதிய உருவத்தை வாய் பழகவில்லை. இதோடு நான் ஒன்றைச் சேர்த்து நினைக்கிறேன். முந்தைய ஆண்டுதான் அதே விழாவில் அடேல் என்ற பாடகி பாடி, சிறந்த பாடலுக்கான விருதும் பெற்றிருந்தார். அதே மேடை, அதே வகைக் கலைஞர், இரண்டு பெயரிலும் உயிரொலியில் தொடங்கி நடுவில் 'ட' ஒலி. வழிமறிக்கும் சொல்லுக்கு இதைவிட வசதியான சூழல் அமையாது.

2024 மே மாதம் பிலடெல்பியாவில் ஒரு செவிலியர் கல்லூரியின் பட்டமளிப்பில் பெயர்களை வாசித்தவர் 'தாமஸ்' போன்ற மிக எளிய பெயரைக்கூட அடையாளம் தெரியாதபடி வாசித்தார். அங்கும் அட்டைகளில் ஒலிப்புக் குறிப்பாக எழுதியிருந்ததுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. உதவிக்கு எழுதிய குறிப்பே இரண்டு இடத்திலும் காலை வாரிவிட்டது. ஒலிப்புக் குறிப்பு என்பது முன்பே கேட்டறிந்த ஒலியை நினைவூட்டப் பயன்படும். ஒருமுறைகூடக் கேளாத பெயரை அதைப் பார்த்து முதன்முறையாக ஒலிப்பவருக்கு அது வேற்றுமொழிச் சொல்லே.

தமிழில் எழுதும்போது இதில் நமக்கே உரிய ஓர் இடர் இருக்கிறது. வேற்றுமொழிப் பெயர்களில் சொல்லின் முதலிலேயே வரும் அழுத்தமான ஒலிகளுக்கு நம் எழுத்தில் தனி வடிவம் இல்லை. 'பானு' என்று எழுதினால் 'பல்' என்பதன் பகரமா 'பஸ்' என்பதன் பகரமா என்பது தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும். வெளிமாநிலத்திலிருந்து வரும் விருந்தினர் பெயரைத் தமிழில் எழுதி வாசிக்கும் தொகுப்பாளர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பெயரின் பக்கத்திலேயே 'பஸ் போல' என்று தெரிந்த ஒரு சொல்லைக் குறித்துக்கொள்வது எந்த ஒலிப்புக் குறியீட்டையும்விடப் பாதுகாப்பு. அதைவிட மேலானது விழாவுக்கு முன் அவரிடமோ அவர் வீட்டாரிடமோ தொலைபேசியில் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, பதிவுசெய்து, வாய்விட்டுத் திரும்பச் சொல்லிப் பழகுவது. கண்ணால் படிப்பது போதாது. மெலிந்திருப்பது வாய்க்குப் போகும் வழி, அதை வாய்தான் நடந்து நடந்து சீர்செய்யவேண்டும். பழகும்போது பெயரைத் தனியாகச் சொல்லாமல், மேடையில் அது வரப்போகும் வாக்கியத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். சீட்டிலும் அந்த வாக்கியமாகவே, பெரிய எழுத்தில், தலைப்பெழுத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் ஊருக்கு நால்வர் இருக்கும் நம் நாட்டில் தலைப்பெழுத்து தவறினாலும் ஆள் மாறிவிடும்.

தவறிவிட்ட பிறகு? பேச்சில் நிகழும் திருத்தங்களை ஆராய்ந்த இம்மானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன், ஹார்வி சாக்ஸ் ஆகியோர் 1977இல் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பை எழுதினார்கள். பேசுபவர் தவறினால் கேட்பவர்கள் உடனே திருத்துவதில்லை, அவரே திருத்திக்கொள்ளச் சற்று இடம் விடுகிறார்கள். அரங்கத்திலும் அதே நடக்கிறது. தவறிய உடனே வரும் அந்தச் சிறு இடம் நமக்காக விடப்பட்டது. அதற்குள் நாமே திருத்திவிட்டால் அது பேச்சின் ஒரு பகுதி. அது கடந்து, கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து சொல்லவேண்டி வந்தால்தான் அது நிகழ்ச்சியாகிறது.

எப்படித் திருத்துவது என்பதில் இரண்டு வழிகளை ஜெஃபர்சன் பிரித்துக் காட்டினார். பேச்சை நிறுத்தி 'இல்லை, இது' என்று வெளிப்படையாகத் திருத்துவது ஒன்று. பேச்சை நிறுத்தாமல் அடுத்த வாக்கியத்தில் சரியான வடிவத்தை இயல்பாக வைத்துப் போவது மற்றொன்று. மேடைக்கு நான் பரிந்துரைக்கும் அளவுகோல் இது: ழகரமோ ளகரமோ சற்று மழுங்கியிருந்தால், அடுத்த வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். 'சௌந்தரவல்லி' என்பதற்குப் பதில் 'சுந்தரவல்லி' என்று வேறொரு பெயராகவே மாறியிருந்தால் அப்படிப் பூசிவிட முடியாது. "மன்னியுங்கள், சௌந்தரவல்லி அம்மையார் அவர்கள்" என்று நிறுத்தி, அவரைப் பார்த்து, முழுதாகச் சொல்லவேண்டும். மன்னிப்பு ஒரு சொல் போதும். "எப்படித்தான் சுந்தரவல்லி என்று வந்ததோ" என்று தவறான பெயரைத் திரும்பச் சொல்லாதீர்கள். அது கேட்பவர் நினைவில் அதைப் பதிக்கும், நம் நாவிலும் மீண்டும் வழிமறிக்க வலுவூட்டும். நீண்ட மன்னிப்பால் இன்னொரு கெடுதலும் உண்டு. அவருக்குரிய நேரத்தில் நாம் நம்மைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம், அவரும் தம் விழாவில் நமக்கு ஆறுதல் சொல்லவேண்டி வருகிறது.

தவறு பேசி முடித்த பிறகே தெரியவந்தால், நன்றியுரைக்கு முன் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, சரியான பெயரைச் சொல்லி ஒரே வாக்கியத்தில் வாழ்த்திவிட்டு அமரலாம். மேடையில் நடந்த பிழையை மேடைக்குக் கீழே தனியாகக் கேட்கும் மன்னிப்பு முழுதாக ஈடுகட்டாது. பெயரைத் தவறாகக் கேட்டவர்கள் அவையில் இருக்கிறார்கள்.

இந்தத் தடுமாற்றம் மறதி நோயின் அடையாளமோ என்று அஞ்சுபவர்கள் உண்டு. ஆள் யார் என்பது தெளிவாகத் தெரிந்து, பெயர் மட்டும் வராமல், பிறகு குளிக்கும்போதோ சாப்பிடும்போதோ தானே வந்துவிட்டால் அது எல்லா வயதினருக்கும் நேர்வது, வயது ஏறும்போது கூடுவது. நன்கு பழகியவர் யார் என்பதே தெரியாமல் போனாலோ, கரண்டி, சாவி போன்ற அன்றாடப் பொருள்களின் பெயர்களும் அடிக்கடி தவறினாலோ மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. ஹம்ஃப்ரீஸின் பிற்கால ஆய்வொன்று, திணறிய சொல்லை ஒருவர் ஒலிக் குறிப்பின் துணையோடு தாமே மீட்டெடுத்தால் அடுத்த முறை அதே இடத்தில் மாட்டிக்கொள்வது குறைகிறது என்று காட்டியது. ஆகவே பதாகையைப் பார்த்தோ பிறர் சொல்லியோ பெயரைச் சொல்லிச் சமாளித்திருந்தால், அன்றிரவே எதையும் பாராமல், முதல் அசையிலிருந்து தொடங்கி, அந்தப் பெயரை வாய்விட்டு முழுதாகச் சொல்லிப் பாருங்கள். மறுநாளும் சொல்லுங்கள். டீச்சரின் பெயரை வீட்டில் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.